பேர் பொருந்தும், நம்பர் பொருந்தாது

காசிமேட்டுப் பக்கம் எனக்குப் பேர் ‘கேஷியர்’. வங்கியில் காசாளராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ராயபுரத்தில் கயிறு, மிதவை, பெயின்ட் விற்கிற ஒரு சின்னக் கடை போட்டு உட்கார்ந்தவன் நான். வேலை போனாலும் பட்டம் போகவில்லை. யாருக்காவது சந்தேகமான ஐநூறு ரூபாய் நோட்டு வந்தால் நேரே என் கடைக்குத்தான் கொண்டு வருவார்கள். கட்டை விரலால் தடவிப் பார்ப்பேன், சாய்த்துப் பிடித்து நடுவிலிருக்கும் இழை பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறுகிறதா என்று பார்ப்பேன், பிறகு நீதிபதி மாதிரி ஒரு இடைவெளி விட்டுத் தீர்ப்புச் சொல்வேன். கள்ள நோட்டு விஷயத்தில் என் மானம் இன்றுவரை கப்பலேறவில்லை. பணம் காகிதத்தை விட்டுப் போனுக்குள் போன பிறகுதான் ஏறியது. துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால் ஏற்றிவிட அதிக தூரமும் இல்லை.

முதலில் ஏறியது 13,140 ரூபாய்க்கு.

எண்ணூரில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பதாக ஒருவர் போனில் கூப்பிட்டார். நைலான் கயிறு வேண்டும், எவ்வளவு ஆகும் என்றார். கணக்குப் போட்டு 1,460 என்றேன். “இப்பவே போட்டுடறேன் அண்ணே, சாயங்காலம் ஆள் வந்து எடுத்துக்கும்” என்றார். கொஞ்ச நேரத்தில் எஸ்எம்எஸ் வந்தது. உங்கள் கணக்கில் 14,600 ரூபாய் வரவு. அடுத்த நிமிஷமே போன். “அண்ணே, அவசரத்துல ஒரு சைபர் கூடப் போட்டுட்டேன். சம்சாரத்தை ஆஸ்பத்திரியில சேத்திருக்கேன், இன்னும் அஞ்சு நிமிஷத்துல கவுண்டர்ல பணம் கட்டணும். மீதியைத் திருப்பி அனுப்பிடுங்க அண்ணே.”

அந்த அழுகைக் குரலில் நான் கரைந்துபோனேன் என்று சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். உண்மை அது இல்லை. 14,600-இல் 1,460 போனால் 13,140 என்று மனக்கணக்காகவே சட்டென்று சொல்லிவிட்டேன். “கரெக்டா சொல்லிட்டீங்களே அண்ணே!” என்றார் அவர். அந்தப் பாராட்டில்தான் விழுந்தேன். ரகசிய எண்ணைத் தட்டி அனுப்பியும் விட்டேன்.

சாயங்காலம் கயிறு எடுக்க யாரும் வரவில்லை. அப்போதுதான் அந்த எஸ்எம்எஸ்ஸை ஒழுங்காகப் படித்தேன். அனுப்பியவர் இருக்கும் இடத்தில் ஒரு பத்து இலக்கக் கைபேசி எண். இந்தியாவில் எந்த வங்கியும் வரவு வைத்த செய்தியைக் கைபேசி எண்ணிலிருந்து அனுப்புவதில்லை. தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் விதிப்படி பதிவு செய்த ஒரு தலைப்பிலிருந்துதான் அது வரும். முதலில் இரண்டு எழுத்து, ஒரு சிறு கோடு, பிறகு வங்கியின் சுருக்கப் பெயர். 2025-லிருந்து அதன் வாலில் இன்னொரு எழுத்தும் ஒட்டுகிறது. பணப் பரிமாற்றச் செய்திக்கு `-T`, சேவைச் செய்திக்கு `-S`, விளம்பரத்துக்கு `-P`, அரசுச் செய்திக்கு `-G`. இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியுமா என்றால், பாதி தெரியும். ஆனால் செய்தியைத் திறந்ததும் என் கண் போனது தொகைக்குத்தான். அனுப்பியவர் பெயரைப் பார்க்கும் பழக்கமே எனக்கு இல்லை.

இரண்டாவது விஷயம் இன்னும் கேவலம். ‘உங்கள் கணக்கு’ என்று போட்டு அதன் கடைசி நாலு இலக்கத்தையும் கொடுத்திருந்தான். அது என் கணக்கின் கடைசி நாலு இலக்கம் இல்லை. அவனுக்கு என் கணக்கு எண் தெரிய வழியில்லை, ஏதோ நாலு எண்ணைத் தட்டியிருக்கிறான். ஆனால் எனக்கும் என் எண் தெரியாது! ஊரில் பாதிப் பேருடைய கணக்கு எண்ணை மனப்பாடமாக வைத்திருந்த காசாளன், தன் கணக்கு எண்ணைத் தெரிந்துகொள்ளப் பாஸ்புக்கைத் தேடிப் பரண் ஏறினேன்.

யுபிஐ குறிப்பு எண்ணையும் எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு இலக்கம் இருக்க வேண்டியதில் பத்துதான் இருந்தது. இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இலக்கம் குறைந்தால் போலி என்று ஒதுக்கிவிடலாம். சரியாகப் பன்னிரண்டு இருப்பதால் மட்டும் பணம் வந்துவிட்டது என்று ஆகாது. பன்னிரண்டு வரை எண்ணத் தெரிந்த திருடனும் இருப்பான். பணம் வந்ததா என்பது கணக்கின் இருப்பில்தான் தெரியும், அதைப் பார்க்க எனக்கு அரை நிமிஷம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிஷத்தைத்தான் அவன் ஆஸ்பத்திரியைக் காட்டி வாங்கிக்கொண்டான்.

1930-க்கு போன் செய்து புகார் கொடுத்தேன், ஆனால் மறுநாள்தான். சைபர் குற்றத்துக்கான அந்த எண்ணில் உடனே சொன்னால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே அதை நிறுத்திவைக்கக் கேட்க முடியும். அடுத்த கணக்குக்கும் அதற்கடுத்த கணக்குக்கும் ஓடிவிட்டால் துரத்துவது கஷ்டம். முதல் நாள் சாயங்காலமே கூப்பிட்டிருக்கலாம். கடைப்பையன் எதிரில் நின்றான். ‘கேஷியர்’ ஏமாந்த கதை அவன் காதில் விழுந்தால் மீன் ஏலம் முடிவதற்குள் துறைமுகம் முழுக்கப் பரவிவிடும். அவன் வீட்டுக்குப் போகட்டும் என்று காத்திருந்தேன், பிறகு தூங்கிவிட்டேன். வங்கியிலும் கேட்டுப் பார்த்தேன். வாடிக்கையாளருக்கு நஷ்டம் வராமல் காக்க ரிசர்வ் வங்கி 2017-லேயே விதி போட்டிருக்கிறது. ஆனால் அது நம் அனுமதி இல்லாமல் போன பணத்துக்கு. நானே என் விரலால் ரகசிய எண்ணைப் போட்டு அனுப்பியதை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இதே பதிலை எத்தனையோ பேருக்கு நான் சொல்லியிருக்கிறேன், இவ்வளவு கனிவாகச் சொன்னதில்லை.

இதற்குப் பிறகு நான் ரொம்ப உஷாராகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். வருகிற எஸ்எம்எஸ்ஸையெல்லாம் வால் வரை படித்தேன். ஆகவே அடுத்தது மின்னஞ்சலில் வந்தது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கம்பெனியிலிருந்து எனக்குக் கயிறு வரும். பெயர் வேண்டாம், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையில் ஏற்றிப் பழுது பார்ப்பது, பெயின்ட் அடிப்பது, கயிறு மாற்றுவது எல்லாம் அப்போதுதான். எனக்குத் தீபாவளி அது. 2025-இல் ஜூன் 13 வெள்ளிக்கிழமை. மறுநாள் நள்ளிரவோடு தடை முடிகிறது, ஆளாளுக்குக் கடையில் கத்துகிறார்கள். சாயங்காலம் அந்தக் கம்பெனியின் பெயரில் மெயில். “எங்கள் வழக்கமான கணக்கு தணிக்கையில் இருப்பதால் அதில் பணம் போட வேண்டாம். பாக்கித் தொகை 1,86,400 ரூபாயை இணைப்பிலுள்ள புதுக் கணக்கில் இன்றே செலுத்தவும். தாமதமானால் அடுத்த லோடு நிறுத்தப்படும்.” பாக்கித் தொகை பைசா பிசகாமல் சரி. பில் நம்பரும் சரி. யாருடைய மெயில் பெட்டிக்குள்ளோ புகுந்து எங்கள் பழைய கடிதங்களைப் படித்திருக்கிறார்கள் என்று பிற்பாடு புரிந்தது. அப்போது எனக்குத் தோன்றியதெல்லாம், இவ்வளவு சரியாகத் தெரிந்தவர்கள் வேறு யாராக இருக்க முடியும் என்பதுதான்.

இன்று அந்த மெயிலை எடுத்துப் பார்த்தால் மூன்று இடத்தில் முழித்துக்கொண்டு நிற்கிறது. முகவரியில் `m` இருக்க வேண்டிய இடத்தில் `rn`. ஆரும் என்னும் ஒட்டி நின்றால் என் கண்ணாடிக்கு எம்தான். அடுத்தது புதுக் கணக்கு விவரம். வங்கியின் பெயர் என்று ஒரு அரசு வங்கியைப் போட்டிருந்தான். அதற்குக் கீழே ஐஎஃப்எஸ்சி குறியீடு. அந்தப் பதினொரு எழுத்தில் முதல் நான்கு வங்கியைக் குறிக்கும், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், மீதி ஆறு கிளையைக் குறிக்கும். இங்கே முதல் நான்கு எழுத்து வேறொரு தனியார் வங்கியுடையது, கிளையோ வடக்கே ஏதோ ஒரு ஊர். நாகர்கோவில் பக்கத்துக் கம்பெனிக்கு அங்கே கணக்கு எதற்கு? மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பழைய பில்லைத் திருத்தியபோது மேலே கட்டத்தில் இருந்த கணக்கு எண்ணை மாற்றியவன், பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த எண்ணை விட்டுவிட்டான். ஒரே பில்லில் இரண்டு கணக்கு எண். அடியில் இருப்பது நான் வருஷக்கணக்காகப் பணம் போட்டுவரும் பதினைந்து இலக்க எண். மேலே இருப்பது பதினொரு இலக்கம். ஒவ்வொரு வங்கியும் கணக்கு எண்ணுக்குத் தனி நீளம் வைத்திருக்கிறது என்பது பயிற்சிக் காலத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்த பாலபாடம்.

இதில் ஒன்றையும் நான் அன்று பார்க்கவில்லை. வங்கிச் செயலியில் புதுப் பெறுநரைச் சேர்க்க உட்கார்ந்துவிட்டேன். எண்ணைத் தட்டியதும் அந்தக் கணக்கு யாருடையது என்று பெயர் காட்டியது. இது முன்பு கிடையாது. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் பணம் போய்ச் சேர்வது கணக்கு எண்ணை வைத்து மட்டும்தான். நாம் எழுதுகிற பெயர் ஒப்புக்கு. ‘முருகன் துணை’ என்று எழுதினாலும் எண் யாருடையதோ அவருக்கே போகும். இதனால் பலர் ஏமாந்த பிறகு, அனுப்பும் முன் பெறுநரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் எல்லா வங்கிகளும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. அந்த வசதி எனக்கு ஒரு தனி ஆளின் பெயரைக் காட்டியது. கம்பெனியின் பெயரில் ஒரு எழுத்துகூட அதில் இல்லை.

பக்கத்தில் இருந்த மகள், “அப்பா, யாரோ ஒரு ஆள் பேர் வருதே?” என்றாள்.

“அது ஓனரா இருக்கும்” என்றேன்.

அந்தக் கம்பெனியின் ஓனரை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் பெயர் அது இல்லை என்றும் தெரியும். இருந்தும் அந்தப் பதில் என் வாயிலிருந்து தடையில்லாமல் வந்தது. வங்கி போட்ட பூட்டை நானே திறந்து, உள்ளே வாங்க என்று கூப்பிட்டேன். மெயில் ஏமாற்றியது பாதி என்றால், மீதியை நானே எடுத்துக் கட்டிவிட்டேன். லோடு நின்றுவிடுமே என்ற பதற்றம் ஏறிய தலைக்கு, பொருந்தாத ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் தயாராக இருக்கிறது.

என்னைக் காப்பாற்றியது என் அறிவு இல்லை, என் கோபம். புதிதாகச் சேர்த்த பெறுநருக்கு முதல் நாளில் இவ்வளவுக்கு மேல் அனுப்ப முடியாது என்று செயலி மறுத்துவிட்டது. நாளை இரண்டாம் சனிக்கிழமை, அடுத்த நாள் ஞாயிறு, கிளையில் போய்ச் சண்டை போடவும் முடியாது. யோசித்துப் பார்த்தால் அந்த மெயில் வெள்ளி சாயங்காலம் வந்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. 2019 டிசம்பரிலிருந்து நெஃப்ட் இரவு பகல் எல்லா நாளும் ஓடுகிறது. கிளை ஓடுவதில்லை. பணம் போக வழி திறந்திருக்கும், கேள்வி கேட்க ஆள் இருக்காது. போலி அவசரமெல்லாம் அந்த நேரமாகப் பார்த்துத்தான் வருகிறது.

வங்கியைத் திட்டிக்கொண்டே கம்பெனிக்கு போன் போட்டேன், பணம் தாமதமாகும், லோடை நிறுத்தாதீர்கள் என்று கெஞ்ச. மெயிலின் அடியில் ஒரு தொடர்பு எண் இருந்தது. மறுபடி மெயிலைத் திறக்கச் சோம்பல்பட்டு, கைபேசியில் முன்பே பதிந்திருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். அங்கே கணக்குப் பார்க்கிறவர் நிதானமாகக் கேட்டார்: “புதுக் கணக்கா? எந்தப் புதுக் கணக்கு சார்?”

மெயிலில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டிருந்தால் “ஆமாம் சார், சீக்கிரம் போடுங்க” என்றுதான் பதில் வந்திருக்கும். சரிபார்க்கிற வழியையும் சேர்த்தே அவன் அனுப்பிவைக்கிறான். கணக்கு மாறியது என்று யார் சொன்னாலும், அந்தச் செய்தி வருவதற்கு முன்பே நம்மிடம் இருந்த எண்ணில் கூப்பிட்டுத்தான் கேட்க வேண்டும். சோம்பேறித்தனத்தால் நான் ஒரு பாதுகாப்பு விதியைச் சரியாகக் கடைப்பிடித்த ஒரே சந்தர்ப்பம் இது.

இவ்வளவு மக்காக இருப்பது கடைக்காரர்கள் மட்டும்தானா என்று அப்போது மனசு ஆறுதல் தேடியது. ஆறுதல் தூரத்தில் இல்லை, என் கடையிலிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில், சென்னைத் துறைமுகத்திலேயே இருந்தது. 2020-இல் துறைமுகப் பொறுப்புக் கழகம் இந்தியன் வங்கியின் கோயம்பேடு கிளையில் 100 கோடி ரூபாயை வைப்புத் தொகையாகப் போட்டது. சிபிஐ வழக்கின்படி நடந்தது இது. ஒரு ஆள் துறைமுகத்தின் நிதித் துறைத் துணை இயக்குநர் என்று சொல்லிக்கொண்டு, போலி ஆவணங்களோடு அதே கிளையில் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் பெயரிலேயே ஒரு நடப்புக் கணக்கு திறந்தான். வங்கி கொடுத்த அசல் வைப்புப் பத்திரங்கள் மோசடிக் கும்பலின் கைக்குப் போயின. துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தவை போலிப் பத்திரங்கள். பிறகு வைப்புத் தொகையை முதிர்வுக்கு முன்பே உடைத்து அந்த நடப்புக் கணக்குக்கு மாற்றி, அங்கிருந்து பல கணக்குகளுக்குப் பிரித்தார்கள். சுமார் 45 கோடி ரூபாய் வெளியே போய்விட்டது.

என் கயிற்றுக் கம்பெனி விஷயத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசத்தை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். என் விஷயத்தில் பெயரே பொருந்தவில்லை. இங்கே பெயர் பொருந்தியது. பணம் துறைமுகத்தின் பெயரில் இருந்த வைப்பிலிருந்து துறைமுகத்தின் பெயரில் இருந்த கணக்குக்கு நகர்ந்தது. பெயரை மட்டும் பார்க்கிற எவருக்கும் இதில் உறுத்த ஒன்றுமே இல்லை, இன்றைய பெயர் காட்டும் வசதி இருந்திருந்தாலும் பச்சைக் கொடிதான் காட்டியிருக்கும். துறைமுகம் தன் அலுவலகக் கோப்பில் வைத்திருக்கும் கணக்கு எண்ணும் இந்த எண்ணும் ஒன்றா என்று கேட்டால்தான் வெளியே வரும். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்றவர்கள், அந்தக் கேள்வி எழாதபடி பார்த்துக்கொண்டார்கள். கையிலிருக்கும் பத்திரம் அசல்தானா என்பதைப் பத்திரத்தைத் தடவிப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. கிளைக்கு நேராகப் பேசி, இந்த எண்ணில் இவ்வளவு வைப்பு உயிரோடு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். நோட்டைத் தடவியே பேர் வாங்கிய எனக்கு இதை ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நாள் பிடித்தது.

இப்போது என் கணக்கின் கடைசி நாலு இலக்கத்தைக் கல்லாவுக்கு மேலே சாக்பீஸால் எழுதிவைத்திருக்கிறேன். பழைய சப்ளையர்களின் கணக்கு எண்கள் ஒரு நீள நோட்டில் இருக்கின்றன. புது எண் எது வந்தாலும் நோட்டோடு ஒப்பிட்டு, பிசகினால் போன். வங்கி இணையதளம் என்று எதையாவது திறக்க நேர்ந்தால் முகவரி `.bank.in` என்று முடிகிறதா என்று பார்க்கிறேன். வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் இறுதிக்குள் அந்த முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்தது, வங்கி அல்லாத யாருக்கும் அது கிடைக்காது. மொத்தத்தில் என்னை இனி யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்ற நிலைக்கு வந்து சேர்ந்தேன்.

அந்த நிலையில்தான் என் கணக்கே முடங்கியது.

மறுபடியும் கேஒய்சி கொடுக்கச் சொல்லி எஸ்எம்எஸ் வந்தபடி இருந்தது. கேஒய்சி என்ற எழுத்தைப் பார்த்ததுமே ‘வந்துட்டான்யா’ என்று அழித்தேன். வீட்டுக்கு ஒரு கடிதமும் வந்தது. கடிதம் அடிக்க எத்தனை ரூபாய் ஆகிவிடும் என்று மனைவியிடம் விளக்கிவிட்டு, கிழித்தும் போட்டேன். ஒரு நாள் கயிற்றுக் கம்பெனிக்குப் பணம் அனுப்பப் பார்த்தால் போகவில்லை.

கிளையில் இருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கணினியைப் பார்த்துச் சொன்னாள்: “சார், பத்து வருஷத்துக்கு ஒரு தடவை கேஒய்சி புதுப்பிக்கணும். உங்களுக்கு எஸ்எம்எஸ் போயிருக்கு, லெட்டரும் போயிருக்கு.”

“போலின்னு நினைச்சேம்மா.”

“அதுல லிங்க் இருந்துச்சா சார்?”

“இல்ல.”

“இன்னைக்குள்ள கட்டுங்க, யாருக்காவது போன் பண்ணுங்கன்னு இருந்துச்சா?”

“இல்ல. கிளைக்கு வாங்கன்னு இருந்துச்சு.”

“தலைப்பு நம்ம பேங்க் தலைப்பா?”

“ஆமா. வால்ல எஸ்ஸும் இருந்துச்சு.”

அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு படிவத்தை நகர்த்தி, முன்பு என்ன வேலை பார்த்தேன் என்ற கட்டத்தைத் தொட்டுக் காட்டி, “இதை மட்டும் காலியா விட்டுட்டீங்களே சார்” என்றாள்.